ஒரே லட், பத்து எபிசோட், பத்து நிறம்: சமையல் தொடருக்கு ஒரே தோற்றம் வர எங்கே பிடிக்க வேண்டும்?

#1 அடுப்படி_கேமரா

வணக்கம். வீட்டுச் சமையலறையில் எடுக்கும் பத்து எபிசோட் தொடர். சோனி கேமரா, S-Log3 என்ற வெளிறிய லாக் பதிவு, 10 பிட், 25 ஃபிரேம். எடிட்டும் நிறமும் டாவின்சி ரிசால்வில். முதல் எபிசோடுக்கு உட்கார்ந்து ஒரு தோற்றம் பண்ணி, அதை லட்டாக, அதாவது நிறமாற்றக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு மற்ற எபிசோடுகளுக்கும் அதையே போட்டேன். முதல் எபிசோட் அழகாக இருக்கிறது. நாலாவது பச்சையடிக்கிறது. ஆறாவது மாலையில் எடுத்தது, முகமெல்லாம் நீலம். சில இடங்களில் ஒரே ஷாட்டுக்குள்ளேயே நிறம் நகர்கிறது.

வெளிச்சம்: இடப்பக்கம் கிழக்கு ஜன்னல், மேலே இரண்டு எல்இடி டியூப், முன்னால் இரண்டு எல்இடி பேனல். வைட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தது.

காசு கொடுத்து ஒரு நல்ல லட் வாங்கினால் சரியாகுமா? எந்த லட் என்று சொன்னால் போதும்.

#2 ஷட்டர்_செல்வம்

ப்ரோ, லட்டில் பிரச்சினை இல்லை, போடும் விதத்தில்தான். லாக்கில் எடுத்தால் வைட் பேலன்ஸைப் பற்றிக் கவலையே வேண்டாம், ரா ஃபைல் மாதிரிதான், பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலில் லட்டைப் போட்டுவிடுங்கள். படம் ஒழுங்காகத் தெரியும். அதற்குமேல் Temp, Tint ஸ்லைடரை நகர்த்தி ஒவ்வொரு எபிசோடையும் முதல் எபிசோடோடு ஒட்ட வையுங்கள். அஞ்சு நிமிஷ வேலை.

#3 எடிட்_மேசை

செல்வம் சொன்னதில் பாதி சரி. 10 பிட் லாக்கில் ஓரளவு திருத்த இடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் லாக் என்பது ரா இல்லை. சென்சாரிலிருந்து வரும் சிவப்பு, பச்சை, நீலத்தை வைட் பேலன்ஸ் கணக்குப்படி பெருக்கிய பிறகுதான் கேமரா லாக் வளைவில் போட்டு எழுதுகிறது. ஆட்டோ எடுத்த முடிவு ஃபைலுக்குள்ளேயே போய்விட்டது. பிறகு நாம் செய்வது அதற்கு எதிர்க்கணக்கு மட்டும்.

லட்டுக்குப் பிறகு திருத்துவதுதான் இதைவிடப் பெரிய தவறு. லட்டுக்குக் கண் கிடையாது. அது ஒரு அட்டவணை. இந்த சிவப்பு, இந்த பச்சை, இந்த நீலம் வந்தால் அந்த மூன்றாக மாற்று என்று மட்டும் அதற்குத் தெரியும். 33 புள்ளி லட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 33 படி, மொத்தம் 35,937 வரிசை. உங்கள் ஃபைலை நோட்பேடில் திறந்தால் தலையில் இப்படி இருக்கும்:

```
TITLE "samayal_look_v1"
LUT_3D_SIZE 33
```

கீழே முழுக்க எண்கள்தான். உங்கள் ஜன்னல், டியூப் எதுவும் அதற்குள் இல்லை. ஆறாவது எபிசோடில் வெள்ளைத் தட்டு நீலம் தூக்கி வருகிறது என்று வையுங்கள். லாக்கில் இருக்கும்வரை நீலம் எங்கும் வெட்டுப்படவில்லை. லட் அதை 709க்கு, அதாவது சாதாரணத் திரையின் நிற அளவுக்கு விரிக்கும்போது நீலச் சேனல் உச்சியில் முட்டித் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு Temp ஸ்லைடரை மஞ்சள் பக்கம் இழுத்தால், தட்டின் விளிம்பும் வளைவும் திரும்பி வராது. தட்டு மொத்தமாக அழுக்கு மஞ்சளாகும், அவ்வளவுதான். இருட்டுப் பகுதியிலும் இதே கதை, தலைகீழாக.

அதனால் வரிசை இது: ஷாட்டுக்கு ஷாட் மாறுவது எல்லாம் முதலில், அதாவது வைட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும். பிறகு லாக்கிலிருந்து 709க்கு மாற்றம். கடைசியில் எல்லாருக்கும் பொதுவான தோற்ற லட். மூன்றும் மூன்று வேலை. வேறு லட் வாங்கினால் வேறு நிறத்தில் பத்து எபிசோடும் பொருந்தாமல் இருக்கும்.

#4 எடிட்_மேசை

அடுப்படி, இரண்டு விஷயம் சொல்லுங்கள்:

முதல் எபிசோடில் லட் எடுத்தபோது, அந்த ஷாட்டின் வைட் பேலன்ஸ் திருத்தமும் நோடில் இருந்ததா? இருந்தபடியே Generate LUT கொடுத்தீர்களா?

எல்லா எபிசோடிலும் தெரிகிற, நிறம் மாறாத ஒரு பொருள் ஃபிரேமில் இருக்கிறதா? சுவர் டைல்ஸ், மேடைக் கல், எதுவானாலும்.

#5 மண்டப_வீடியோ

எனக்கும் இதே பிரச்சினைதான் சார். கல்யாண மண்டப மேடையில் ஊதா, மெஜந்தா எல்இடி போட்டுவிடுகிறார்கள். இரண்டு கேமராவும் ஒன்றுக்கொன்று ஒட்டவே மாட்டேன் என்கிறது. கஸ்டம் வைட் பேலன்ஸ் எடுத்தால் ஒரு கேமராவில் எரர் வருகிறது. இதற்கு எந்த பிரீசெட் வைக்கலாம்?

#6 எடிட்_மேசை

மண்டபம், உங்களுடையது வேறு நோய். அந்த ஊதா விளக்கில் பச்சை ஏறக்குறைய இல்லை. இல்லாத நிறத்தை எந்த வைட் பேலன்ஸாலும் பெருக்கிக் கொண்டுவர முடியாது. அதை வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள். மாப்பிள்ளை, பெண் முகத்தில் விழும் உங்கள் வீடியோ லைட் எதுவோ, அதற்கு மட்டும் இரண்டு கேமராவிலும் ஒரே அட்டையை வைத்து அளந்து பூட்டுங்கள். மேடை ஊதாவாகவே இருக்கட்டும். இரண்டு கேமராவும் வேறு கம்பெனி என்றால் அதைத் தனி இழையாகப் போடுங்கள், நிறைய பேசலாம்.

#7 அடுப்படி_கேமரா

ஆமாம் சார், திருத்தம் இருந்தபடியேதான் லட் எடுத்தேன். முதல் நோடில் Temp, Tint இரண்டும் நகர்த்தியிருந்தேன். அது லட்டுக்குள் போகும் என்று தோன்றவில்லை.

டைல்ஸ் இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் வெள்ளை, கொஞ்சம் கிரீம் சாயல். எல்லா எபிசோடிலும் தெரியும்.

#8 எடிட்_மேசை

அப்படியானால் முதல் எபிசோடின் மருந்தை எல்லா எபிசோடுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அன்றைக்கு ஆட்டோ கொஞ்சம் மஞ்சளாக முடிவெடுத்திருந்தால், நீங்கள் நீலம் சேர்த்துத் திருத்தியிருப்பீர்கள். அந்த நீலம் இப்போது லட்டுக்குள் இருக்கிறது. ஏற்கெனவே நீலமாக வந்த ஆறாவதுக்கு மேலும் நீலம்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். ரிசால்வின் Generators பட்டியலில் Grey Scale இருக்கும். அதை டைம்லைனில் போட்டு, அதன்மேல் உங்கள் லட்டை மட்டும் வைத்து, மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் Parade ஸ்கோப்பைப் பாருங்கள். மூன்று சேனலும் ஒரே கோட்டில் ஏறினால் லட் நடுநிலையானது. இருட்டில் மட்டும் நீலமும் வெளிச்சத்தில் மட்டும் சிவப்பும் விலகினால் அது நீங்கள் வேண்டுமென்று செய்த தோற்றமாக இருக்கலாம். கீழிருந்து மேல்வரை ஒரே சேனல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் வைட் பேலன்ஸ் உள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

திருத்தம் எளிது. முதல் எபிசோடின் அந்த ஷாட்டுக்குப் போய் நோடுகளைப் பிரியுங்கள். நோடு 1 வைட் பேலன்ஸ், எக்ஸ்போஷர். நோடு 2 Color Space Transform, உள்ளே S-Gamut3.Cine, S-Log3, வெளியே Rec.709, Gamma 2.4. நோடு 3 தோற்றம்: காண்ட்ராஸ்ட், நிறச் செறிவு, இருட்டின் சாயல் போன்றவை. இப்போது நோடு 1, 2 இரண்டையும் அணைத்துவிட்டு, தம்ப்நெயிலில் ரைட் கிளிக் செய்து Generate LUT, 33 Point Cube. படம் அப்போது வெளிறிப்போய்க் கோரமாகத் தெரியும், பயப்படாதீர்கள். வெளியே வரும் ஃபைலில் தோற்றம் மட்டும்தான் இருக்கும். நோடு 3இல் பவர் விண்டோ, பிளர், நாய்ஸ் ரிடக்‌ஷன் எதுவும் வேண்டாம். இடம் சார்ந்த எதையும் லட் சுமக்காது.

இப்படி எடுத்தது 709 உள்ளே, 709 வெளியே போகிற லட். லாக் ஃபைலின்மேல் நேரடியாகப் போட்டால் சப்பையாக இருக்கும். கடையில் விற்கும் S-Log3 லட் நேர்மாறு: மாற்றமும் தோற்றமும் ஒன்றாகவே உள்ளே இருக்கும். அதை Color Space Transformக்குப் பிறகு போட்டால் இரண்டு முறை மாற்றம் நடந்து, கறுப்பு இடிந்து, மிளகாய்ப் பொடி ஒளிரும் ரத்தச் சிவப்பாகும். யாராவது அந்த நிறத்தோடு வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

#9 யாழ்_ஒளி

நல்ல விளக்கம். நாலாவது எபிசோட் பச்சையடிப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. தம்பி, அந்த எபிசோடில் வாழை இலை இருந்ததோ? அல்லது பேனல் விளக்கைப் போடாமல் டியூபை மட்டும் நம்பினீர்களோ?

மலிவான எல்இடி டியூப்களில் பச்சைச் சாயல் இருப்பது சாதாரணம். டியூப் மட்டும் எரிந்தால் ஆட்டோ அதை ஓரளவு எடுத்துவிடும். ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் ஆட்டோ இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு முடிவு எடுக்கும், டியூப் விழும் பக்கம் பச்சை மிஞ்சும். வாழை இலை வேறு மாதிரி. ஃபிரேம் நிறைய இலை வந்தால், பச்சை அதிகம் என்று நினைத்து ஆட்டோ மெஜந்தா பக்கம் தள்ளிவிடும். சாம்பார், மஞ்சள் பொடி நிறையத் தெரிந்தால் நீலத்துக்குத் தள்ளும். ஒரே ஷாட்டுக்குள் நிறம் நகர்வது இதனால்தான். பாத்திரம் ஃபிரேமுக்குள் வரும்போது பின்னால் இருக்கும் டைல்ஸை மட்டும் பாருங்கள். டைல்ஸ் நிறம் மாறினால் ஆட்டோவின் வேலை. டைல்ஸ் அப்படியே இருந்து உணவு மட்டும் மாறினால் அது உணவு.

#10 அடுப்படி_கேமரா

நாலாவதில் பேனல் போடவில்லை ஐயா, டியூபும் ஜன்னலும்தான். இலை இல்லை. நகரும் ஷாட் இரண்டாவது எபிசோடில், ரசத்துக்கு மஞ்சள் போடும் இடம். டைல்ஸும் சேர்ந்துதான் மாறுகிறது. நீங்கள் சொன்னதேதான்.

இப்போது பத்தும் எடுத்து முடித்தாயிற்று. மறுபடி எடுக்க முடியாது. இருப்பதை எப்படி ஒட்ட வைப்பது?

#11 எடிட்_மேசை

செட்டப் ஒன்றுக்கு ஒரு குரூப் போடுங்கள். எபிசோட் வாரியாகப் பிரிக்காமல் வெளிச்ச வாரியாகப் பிரிக்க வேண்டும். நாலாவதில் காலை வெளிச்சம், மதிய வெளிச்சம் என்று இரண்டு இருந்தால் இரண்டு குரூப். கிளிப்புகளைத் தேர்ந்து ரைட் கிளிக், Add into a New Group. பிறகு நோட் எடிட்டரின் மேலே நாலு நிலை தெரியும். Group Pre-Clip நிலையில் வைட் பேலன்ஸ், எக்ஸ்போஷர். Clip நிலை, அடங்காத ஷாட்டுக்கு மட்டும். Group Post-Clip நிலையில் Color Space Transform, அதன்பின் தோற்ற லட். வரிசை தானாகவே இப்படித்தான் ஓடும்.

இப்போது டைல்ஸ். முதல் எபிசோடின் ஒரு நல்ல ஃபிரேமை Grab Still எடுத்து வையுங்கள், லட் இல்லாமல், நோடு 1 மட்டும் இயங்கும் நிலையில். Sizing பகுதியில் படத்தைத் தற்காலிகமாக ஜூம் செய்து டைல்ஸ் மட்டும் தெரியும்படி வைத்து Parade பாருங்கள். உங்கள் டைல்ஸ் கிரீம் சாயல் என்கிறீர்கள், அதனால் மூன்று சேனலும் சமமாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முதல் எபிசோடில் என்ன வந்ததோ அதுதான் இலக்கு. உதாரணத்துக்கு அங்கே, ஸ்கோப்பின் சதவீத அளவில், சிவப்பு 57, பச்சை 56, நீலம் 54 என்று வையுங்கள். ஆறாவதில் அதே டைல்ஸ் 54, 56, 60 என்று வந்தால், சிவப்புக்கு 3 ஏற்ற வேண்டும், நீலத்தில் 6 இறக்க வேண்டும், பச்சையைத் தொட வேண்டாம்.

இதை Offset வீலில் செய்யுங்கள், Gain வேண்டாம். கேமராவுக்குள் வைட் பேலன்ஸ் என்பது பெருக்கல். லாக் வளைவில் பெருக்கல் கூட்டலாகிவிடுகிறது. S-Log3இல் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாவது, சுமார் 8 புள்ளி. அதனால் நீலத்தை 6 இறக்குவது, அந்தச் சேனலை முக்கால் ஸ்டாப் குறைப்பதற்குச் சமம், இருட்டான இடத்திலும் வெளிச்சமான இடத்திலும் ஒரே அளவில். Gain வீலில் செய்தால் டைல்ஸ் சரியாகும், நிழலில் நீலம் மிச்சமிருக்கும். ஒரு வரம்பு உண்டு: வளைவின் அடிப்பகுதி முழு லாக் இல்லை. ஆழ்ந்த கறுப்பில் Offset கொஞ்சம் சாயம் விடும். கறுப்புக் கைப்பிடி, தோசைக்கல் போன்ற இடத்தைப் பார்த்து, விட்டிருந்தால் தோற்ற நோடுக்கு முன் நிழலை மட்டும் கொஞ்சம் நிறம் இறக்குங்கள்.

எக்ஸ்போஷரும் இதே கணத்தில் சரியாக வேண்டும். S-Log3இல் 18 சதவீத சாம்பல் 41இல் உட்கார வேண்டும். ஒரு எபிசோடை ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுத்திருந்தால் அதே சாம்பல் 52, 53க்கு ஏறியிருக்கும். அதன்மேல் லட் போட்டால் முகம் வெளிறி, நிறச் செறிவும் மாறும். பார்ப்பவர் வெளிச்சம் அதிகம் என்று சொல்ல மாட்டார், நிறம் சரியில்லை என்றுதான் சொல்வார். வைட் பேலன்ஸைச் சரிசெய்து சரிசெய்து அலுத்துப்போகும் பலருக்கும் உண்மையில் இதுதான் பிரச்சினை.

#12 ஷட்டர்_செல்வம்

பிரீமியரில் நான் பண்ணுவது: Basic Correction பகுதியிலேயே Input LUT போட்டுவிட்டு அதே பகுதியில் Temperature நகர்த்துவேன். நன்றாகத்தானே வருகிறது?

#13 எடிட்_மேசை

வெளிச்சம் சமமாக இருக்கும் ஷாட்டில் நன்றாகத்தான் வரும். அந்த Input LUT, அதே பகுதியின் ஸ்லைடர்களுக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறது. அதனால் நான் #3இல் சொன்னதுதான் நடக்கும், ஜன்னல் ஓரம், ஆவி, வெள்ளைத் தட்டு இருக்கும் ஷாட்டில் தெரியும். அதே லட்டை Creative பகுதியின் Look இடத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஸ்லைடர்களுக்குப் பிறகு ஓடும். ஒரே ஷாட்டை இரண்டு விதமாகவும் வைத்து, தட்டின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

#14 ஷட்டர்_செல்வம்

பார்த்தேன். இட்லி ஷாட்டில் மேல்பக்கப் பொத்தல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்லைடர் ரொம்பக் குறைவாக நகர்த்தினாலே போதுமாயிருக்கிறது, அது ஏன் என்று தெரியவில்லை.

#15 யாழ்_ஒளி

லாக்கில் எல்லாம் நெருக்கமாக அடைந்து கிடக்கிறது, லட் அதை விரிக்கிறது. விரிவதற்கு முன் சின்ன நகர்வு, விரிந்த பின் பெரிய நகர்வு. அதனால் ஸ்லைடரை விரலால் இழுக்காமல் எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

#16 அடுப்படி_கேமரா

முடிவு சொல்கிறேன். புதிய லட் எடுத்தேன். பழைய லட்டை Grey Scale மேல் வைத்தபோது நீலம் கீழிருந்து மேல்வரை தூக்கியே இருந்தது. நாலாவது எபிசோட் இப்போது முதல் எபிசோடோடு ஒட்டிவிட்டது. மஞ்சள் போடும் ஷாட்டை, நிறம் நகரும் இடத்துக்கு முன்னும் பின்னும் கீஃபிரேம் வைத்து Offset எதிர்த்திசையில் நகர்த்தினேன். கூர்ந்து பார்த்தால் தெரிகிறது, ஓடும்போது தெரியவில்லை.

ஆறாவது மட்டும் படுத்துகிறது. டைல்ஸ் எண்கள் சரியாக வந்துவிட்டன. முகம் ஒரு பக்கம் இன்னும் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு மாதிரி.

#17 எடிட்_மேசை

ஃபிரேமில் எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறதா? அதைப் பாருங்கள். ஒரு பக்கம் நீலக் கோடும் மறுபக்கம் மஞ்சள் கோடும் இருந்தால், ஃபிரேமுக்குள் இரண்டு வெளிச்சம். எவர்சில்வர் குடம் ஒன்று போதும், எத்தனை விளக்கு, எத்தனை நிறம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

சூரியன் இறங்கிய பின் ஜன்னலில் வருவது வானத்தின் வெளிச்சம் மட்டும். அது உங்கள் 5600 கெல்வின் பேனலைவிட வெகு நீலம். வைட் பேலன்ஸ் என்பது ஃபிரேம் முழுவதுக்கும் மூன்றே எண். இரண்டு வெளிச்சத்துக்கு ஒரு விடை கிடையாது. டைல்ஸ் மேல் பேனல் விழுகிறது, கன்னத்தின் மேல் ஜன்னல் விழுகிறது. டைல்ஸைச் சரி செய்தால் கன்னம் மிஞ்சும்.

இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது: முகத்தைக் குறிவைத்துச் சமப்படுத்துங்கள், டைல்ஸ் கொஞ்சம் சூடாகப் போகட்டும். பார்ப்பவர் கண் முகத்தில்தான் இருக்கும். பிறகு ஜன்னல் பக்கத்துக்கு மென்மையான விளிம்போடு ஒரு பவர் விண்டோ, அதற்குள் நீலத்தை மட்டும் பாதியளவு இறக்குங்கள். முழுதாக இறக்கினால் ஜன்னல் ஓரம் செத்த சாம்பலாகிவிடும். தலை அசையும் ஷாட்டில் டிராக் செய்ய வேண்டும். முழுதாகச் சரியாகும் என்று உறுதி தர மாட்டேன்.

#18 கறிவேப்பிலை

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். எனக்கு இரண்டாவது கேமரா ஐபோன், மேலிருந்து பாத்திரத்தைக் காட்ட. அதில் மட்டும் லட் போட்டால் எல்லாமே கத்துகிறது. லட் கோப்பு கெட்டுவிட்டதா?

#19 யாழ்_ஒளி

கோப்பு கெடவில்லை. போன் HDR வீடியோ எடுத்திருக்கும். அது HLG வளைவு, உங்கள் லட் எதிர்பார்ப்பது 709. போனில் எடுத்ததை முதலில் Color Space Transform வைத்து Rec.2020, Rec.2100 HLG என்பதிலிருந்து 709க்குக் கொண்டுவந்து, பிறகு லட் போடுங்கள். இனி எடுப்பதற்கு அமைப்பில் HDR Videoவை அணைத்துவிடுங்கள். போனின் சொந்தக் கேமராவைவிட Blackmagic Camera செயலி நல்லது, கெல்வினையும் டின்டையும் பூட்ட விடும். பெரிய கேமராவில் 5600 என்று இருப்பதைப் பார்த்து போனிலும் 5600 வைத்தால் ஒட்டும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் அந்த எண்ணுக்குத் தன் கணக்கை வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டையைப் பார்த்து அளக்க விடுங்கள், எண் வேறாக வந்தாலும் படம் ஒன்றாக வரும்.

#20 அடுப்படி_கேமரா

அடுத்த தொடருக்கு இப்போதே கேட்டுவிடுகிறேன். எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு நாளும் அட்டை காட்டி அளக்க வேண்டுமா, அல்லது 5600 என்று ஒரே எண்ணை வைத்துவிட்டுப் போகலாமா?

#21 எடிட்_மேசை

என் வழி: டியூபை அணையுங்கள். ஜன்னலை மூடுங்கள், அல்லது ஒளி நுழையாத திரை. மிச்சம் பேனல்கள் மட்டும், அவற்றின் கெல்வின் குமிழைத் தொடர் முடியும்வரை தொடக்கூடாது, டேப் ஒட்டிவிடுங்கள். கேமரா மேனுவல், 1/50, ஐஎஸ்ஓ நிலையாக.

சாம்பல் அட்டையைக் காய் நறுக்கும் இடத்தில், முகம் இருக்கும் தளத்தில் பிடித்து, அளவு வட்டம் நிறைய அட்டை தெரியும்படி Custom 1இல் அளந்து பதியுங்கள். அளந்ததும் கேமரா கெல்வினும் பச்சை-மெஜந்தா எண்ணும் காட்டும். இரண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த நாள் மறுபடி அளக்கும்போது எண் வெகுவாக விலகினால் ஏதோ விளக்கு மாறியிருக்கிறது, அல்லது அட்டை மேல் இலை, சேலை நிறம் அடித்திருக்கிறது. கெல்வின் வித்தியாசத்தை மட்டும் நேரடியாகப் பார்க்காதீர்கள். 3200க்கும் 3400க்கும் இடையே உள்ள நிற வித்தியாசம், 5600க்கும் 5800க்கும் இடையே உள்ளதைப் போல மூன்று மடங்கு. பத்து லட்சத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: முதல் ஜோடி 312, 294, இரண்டாவது 179, 172. அதனால் பகல் வெளிச்சத்தில் 100 விலகினால் விட்டுவிடலாம், மஞ்சள் விளக்கில் 100 விலகினால் காரணம் தேடுங்கள்.

அட்டைக்குப் பதில் ஏ4 தாள் வேண்டாம். வெளுப்பாகத் தெரிய அதில் சேர்த்திருக்கும் பொருள் புற ஊதாவை வாங்கி நீலமாகக் கொடுக்கும். கேமரா அதைப் பார்த்துப் படத்தை மஞ்சளாக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அதிகம், எல்இடியில் குறைவு, ஆக நாளுக்கு நாள் மாறவும் செய்யும்.

அளந்த பிறகும் ஒவ்வொரு செட்டப் ஆரம்பத்திலும் அட்டையை 5 வினாடி ரெக்கார்ட் செய்யுங்கள். டைல்ஸை நம்பி நீங்கள் இப்போது பட்ட பாடு அப்போது இருக்காது.

#22 யாழ்_ஒளி

இங்கே நான் மாறுபடுகிறேன். பேனல் மட்டும் வைத்து மூடிய அறை என்றால் தினமும் அளக்கத் தேவையில்லை. முதல் நாள் அளந்த எண்ணை மேனுவலாகப் போட்டு அதோடு விடுங்கள். தினமும் அளந்தால் அட்டை பிடிக்கும் கோணத்தாலேயே சின்னச் சின்ன விலகல் வரும், அது ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கும். ஒரே தவறு எல்லா எபிசோடிலும் இருந்தால் ஒரே திருத்தம் போதும். பத்து விதமான சரியைவிட அது வேலை குறைவு.

ஜன்னலைத் திறந்து வைத்து எடுப்பதென்றாலும் நான் 5600இல்தான் நிற்பேன். மாலை நீலமாக இருப்பது மாலையின் இயல்பு. ஒவ்வொரு செட்டப்பிலும் அளந்தால் காலையும் மாலையும் ஒரே நிறமாகி, படத்தில் நேரம் என்பதே இல்லாமல் போய்விடும்.

#23 எடிட்_மேசை

ஆவணப்படத்துக்கு உங்கள் பேச்சை ஏற்பேன். சமையலில் பொன்னிறமாக வதக்கியது பொன்னிறமாகத் தெரிய வேண்டும், மாலையின் இயல்பு வெங்காயத்தின் மேல் விழுந்தால் வதங்காமலே எடுத்துவிட்டார்கள் என்பார்கள். மூடிய அறையில் ஒரே எண் என்பது சரி. ஆனாலும் நான் அளப்பேன், பதிவதற்காக இல்லை, விளக்கு மாறியதா என்று பார்க்க.

#24 ஷட்டர்_செல்வம்

ஒரு எச்சரிக்கை, இது உறுதியாகத் தெரியும். லட் கோப்பைத் திருத்தி அதே பெயரில் மேலே எழுதாதீர்கள். ரிசால்வ் லட்டை புராஜெக்டுக்குள் நகல் எடுத்து வைப்பதில்லை, கோப்பைத்தான் தேடுகிறது. ஆறு எபிசோட் போட்ட பிறகு கோப்பை மாற்றினால், பழைய எபிசோடில் ஒரு எழுத்துப்பிழை திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணும்போது புதிய நிறத்தில் வரும். v1, v2 என்று வையுங்கள், v1ஐ அழிக்காதீர்கள். வேறு கணினிக்குப் போனால் லட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

#25 கறிவேப்பிலை

போனில் HDR அணைத்து எடுத்தேன், ஒட்டிவிட்டது. முருங்கைக்கீரை மட்டும் போனில் ஒரு பச்சை, கேமராவில் ஒரு பச்சை. டைல்ஸ், முகம் எல்லாம் ஒன்று.

#26 எடிட்_மேசை

சாம்பல் ஒட்டினால் எல்லா நிறமும் ஒட்டும் என்று இல்லை. இரண்டு சென்சாரும் பச்சையை வேறு வேறாகப் பிரிக்கின்றன. வைட் பேலன்ஸ் அதைத் தொடாது. போன் ஷாட்டின் Clip நிலையில் Hue vs Hue வளைவில் பச்சைப் புள்ளியை மட்டும் நகர்த்துங்கள், தோற்ற லட்டுக்கு முன். எவ்வளவு என்பதைக் கீரை கேமரா ஷாட்டைப் பக்கத்தில் வைத்து Vectorscopeஇல் பாருங்கள். கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஷாட்டிலும் அதே அளவு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் பொருந்தினால் அந்த போனுக்கென்று ஒரு பவர்கிரேடாகச் சேமித்து வைக்கலாம். கீரைக்கு மட்டும் பொருந்தினால் வேறு வழி பார்க்க வேண்டும்.

#27 கறிவேப்பிலை

மிளகாய்க்குப் பொருந்துகிறது. கொத்தமல்லி இன்னும் கொஞ்சம் மஞ்சளாக நிற்கிறது. நாளைக்கு அட்டையோடு மறுபடி எடுத்து ஸ்கோப் படம் போடுகிறேன்.